நான்-கம்பீட்டுக்குப் பயப்படும் தம்பிகளுக்கு

சோழிங்கநல்லூரில் பேக்எண்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் ஆஃபர் லெட்டரை அனுப்பி, "அண்ணா, 11ஆவது நிபந்தனையைப் பாருங்கள், நான்-கம்பீட் கிளாஸாம், வேலையை விட்டபிறகு 2 வருஷம் போட்டி நிறுவனத்திலோ கிளையண்டிடமோ சேரக்கூடாதாம், கையெழுத்துப் போடலாமா?" என்று பதறிப்போய்க் கேட்டார். அதற்குக் கீழேயே ஒன்றரைப் பக்கத்துக்கு நீண்டு கிடந்த 12ஆவது கிளாஸ், அதாவது ரகசியக் காப்பு, அவர் கண்ணிலேயே படவில்லை. என்னைக் கேட்டால் இந்தியாவில் பயந்து படிக்க வேண்டியது அந்த 12ஐத்தான்.

முதலில் 11. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒரு வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்பவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு அது பொருந்தாது. ஆனால் இதெல்லாம் வேலையை விட்ட பிறகுதான். வேலையில் இருக்கும்போதே ராத்திரியில் போட்டி நிறுவனத்துக்கு கோடு எழுதிக் கொடுத்தால் அந்தத் தடை செல்லும், இதை உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டது. மூன்லைட்டிங் செய்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

கிளையண்டிடம் சேர்வது பற்றி தில்லி உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூனில் ஒரு தீர்ப்பு வந்தது. ஒரு மென்பொருள் பொறியாளர் தன் நிறுவனத்தின் சார்பாக, டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷனுக்காக போஷன் டிராக்கர் என்ற அரசுத் திட்டத்தில் வேலை பார்க்கிறார். நோட்டீஸ் பீரியடை முடித்துவிட்டு அந்த கார்ப்பரேஷனிலேயே சேர்ந்துவிடுகிறார். விட்டபிறகு 3 வருஷம் கிளையண்டிடம் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் பழைய நிறுவனம் கோர்ட்டுக்குப் போய், மாவட்ட நீதிமன்றத்தில் தடையும் வாங்கிவிட்டது. உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. காரணம் இதே 27ஆவது பிரிவுதான். ரகசியம் போய்விடும் என்ற வாதமும் எடுபடவில்லை, அந்தத் திட்டத்தின் அறிவுசார் சொத்துரிமை ஏற்கெனவே கார்ப்பரேஷனிடம்தான் இருந்தது. அவர் நோட்டீஸ் பீரியடை ஒழுங்காக முடித்தார் என்பதையும் கவனியுங்கள்.

அப்படியானால் இந்த கிளாஸை ஏன் எழுதுகிறார்கள்? பயமுறுத்தத்தான், வேறென்ன. வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தால் புது நிறுவனத்தின் எச்ஆர் தயங்குவார் என்பது அவர்கள் கணக்கு. ஒன்று மட்டும், ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் மாதிரி இடங்களில் தடை நியாயமான அளவில் இருந்தால் நீதிமன்றம் ஏற்கவும் செய்யும். குறிப்பிட்ட காலம் வேலை பார்ப்பேன் என்று போடும் பாண்டும் வேறு விஷயம், அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது 12. இதற்குக் காலக்கெடு இல்லாமல்கூட இருக்கும், கோர்ட்டும் இதைச் சீரியஸாக எடுத்துக்கொள்ளும். உங்கள் தலையில் இருக்கும் திறமை உங்களுடையது. காஃப்காவை எப்படி ட்யூன் செய்வது, ஒரு பேமெண்ட் சிஸ்டத்தில் ரீட்ரை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் யாரும் பிடுங்க முடியாது. ஆனால் அவர்களுடைய சோர்ஸ் கோடு, வாடிக்கையாளர் பட்டியல், இன்னும் வெளிவராத விலை விவரம், இவை உங்களுடையவை அல்ல. வேலையின் பகுதியாக நீங்கள் எழுதிய கோடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி நிறுவனத்துடையதுதான்.

மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் திருடர்கள் இல்லை. கடைசி வாரத்தில் "நான் எழுதியதுதானே, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ரெப்போவை ஜிப் செய்து சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் பர்சனல் கிட்ஹப்புக்கு ஒரு `git push`. நிறுவன லேப்டாப்பில் எந்த ஃபைல் எந்த முகவரிக்கு எத்தனை மணிக்குப் போனது என்று பதிவாகியிருக்கும். இந்த ஒரு லாக் போதும், 11ஐ வைத்து எதுவும் செய்ய முடியாத நிறுவனத்தின் கையில் நிஜமான வழக்கு வந்துவிடும், அனுமதியில்லாமல் தரவை நகலெடுத்ததற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆவது பிரிவுகளும் சேர்ந்துகொள்ளக்கூடும்.

அதனால் அந்தத் தம்பியிடம் 11க்காகச் சண்டை போட வேண்டாம், முடிந்தால் 2 வருஷத்தை 6 மாதமாக்கக் கேட்டுப் பாருங்கள் என்றேன். 12இல் "ரகசியத் தகவல்" என்பதற்கு அவர்கள் கொடுத்த விளக்கம் "நிறுவனம் தொடர்பான எல்லாத் தகவலும்" என்று முடிந்திருந்தது. அதில் விலக்குகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஏற்கெனவே பொதுவெளியில் இருப்பது, சேர்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்தது, நிறுவனத் தகவல் எதையும் தொடாமல் நீங்களாக உருவாக்கியது. அவர் வார இறுதிகளில் ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி எழுதுகிறார், அதன் பெயரையும் ரெப்போ முகவரியையும் இணைப்பாகப் போட்டு இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எச்ஆர் விலக்குகளுக்கு ஒத்துக்கொண்டார், இணைப்பை மட்டும் லீகலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.