ஃபேன் சத்தத்தை அழிக்கிறேன் என்று பாடத்தை அழிக்காதீர்கள்

பொட்டாசியம் வகுப்பின் நோட்ஸ் என்று எங்கள் நர்சிங் வகுப்புக் குழுவில் ஒரு பிடிஎஃப் சுற்றுகிறது. ‘ஹைப்போகலீமியாவில் டி அலை உயரமாகவும் கூராகவும் இருக்கும்’ என்று அதில் எழுதியிருக்கிறது. தப்பு! உயர்ந்து கூராவது ஹைப்பர்கலீமியாவில். ஹைப்போவில் டி அலை தட்டையாகி, பின்னால் யு அலை தெரியும். அடுத்த பக்கம் இன்னும் மோசம். ‘பொட்டாசியம் குளோரைடு ஐவி புஷ்ஷாகக் கொடுக்க’ என்று ஒரு வரி அந்தரத்தில் நிற்கிறது. மேடம் சொன்னது ‘கொடுக்கவே கூடாது’. நேரடியாகத் தள்ளினால் இதயம் நின்றுவிடும் என்று அழுத்தி அழுத்திச் சொன்னார். அந்தக் ‘கூடாது’ எங்கே போனது?

ஒரு செயலியில் இரைச்சல் நீக்கும் அளவை முழுக்க ஏற்றி, ஒன்றரை மணி நேர வகுப்புப் பதிவையும் ஒரே மூச்சில் எழுத்தாக்கி, ஒரு தடவைகூடத் திரும்பக் கேட்காமல் குழுவில் போட்டால் இப்படித்தான் வரும். கேட்டால், ‘நாய்ஸ் எல்லாம் கிளீன் பண்ணிட்டேனே’ என்று பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தமிழில் பேசும்போது வினைச்சொல் கடைசியில் வரும். இல்லை, கூடாது, வேண்டாம் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆனால் வாக்கியம் முடிய முடியக் குரல் தணியும். கடைசிப் பெஞ்சில் வைத்த போனுக்கு அந்த முடிவுகள் ஃபேன் சத்தத்தின் அளவுக்கே வந்து சேரும். மென்பொருளுக்கு அர்த்தம் தெரியாது. இரைச்சல் அளவுக்குக் கீழே இருப்பதை எல்லாம் இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு அழித்துவிடும். ஹைப்பர், ஹைப்போ என்பதில் அந்த இரண்டாம் அசையும், ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்பதில் கடைசி ஒலியும் இதே வழியில்தான் போகின்றன. பதிவு அமைதியாகக் கேட்கும், ஆனால் அதற்குள் பாடம் இருக்காது.

ஃபேன் சத்தத்தின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. முதலில் அதை மட்டும் வெட்டினாலே போதும். மூலக் கோப்பைத் தொடாமல், கணினியின் கட்டளைச் சாளரத்தில் ffmpeg என்ற நிரலைக் கொண்டு ஒரு நகல் எடுங்கள்:

```
ffmpeg -i class.m4a -ac 1 -ar 16000 -af "highpass=f=100" class.wav
```

100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமல் குறையும். பேச்சைப் புரியவைக்கும் ஒலிகள் அதற்கு மிக மேலே இருப்பதால் அவற்றுக்குச் சேதமில்லை. 16000 என்ற மாதிரி வீதத்தில் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒலி தங்கும், பேச்சுக்கு அது தாராளம்.

அதற்கு மேலும் இரைந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து Noise Reduction போடலாம். மேடம் பேசாத ஓர் இடத்தைத் தேர்ந்து Get Noise Profile கொடுக்க வேண்டும். போர்டில் நீளமாக எழுதும் இடத்தை இதற்கு எடுக்காதீர்கள். சில போன்கள் அமைதி வந்தால் தாமே ஒலியைக் கூட்டிவிடும். அங்கே ஃபேன் இருப்பதைவிடப் பெரிதாகப் பதிவாகியிருக்கும், சாக்பீஸ் சத்தமும் சேர்ந்திருக்கும். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அரை நொடி இடைவெளி கிடைத்தால் அதுவே மேல்.

குறைக்கும் அளவை 6 டெசிபெலில் ஆரம்பியுங்கள், 12-ஐத் தாண்டாதீர்கள். அதே பெட்டியில் Residue என்று ஒரு தேர்வு இருக்கிறது. எது தூக்கி எறியப்படப் போகிறதோ அதை மட்டும் அது போட்டுக் காட்டும். யாருமே அதைத் தொடுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம்! அதில் வெறும் இரைச்சல் கேட்டால் சரி. மேடத்தின் குரல் முணுமுணுப்பாகக் கேட்டால், நீங்கள் பாடத்தைத்தான் எறிகிறீர்கள். அளவைக் குறையுங்கள். குரல் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல ஆகிவிட்டாலும் அதே கதைதான், முந்தைய அளவுக்கே திரும்பிவிடுங்கள். கொஞ்சம் ஃபேன் சத்தம் மிச்சம் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அப்புறம் துண்டு போடுவது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறார்கள். ‘கொடுக்கவே’ ஒரு துண்டின் கடைசியிலும் ‘கூடாது’ அடுத்ததன் தொடக்கத்திலும் போய் உட்கார இது ஒன்று போதும். தலைப்பு மாறும் இடத்தில் வெட்டுங்கள். மேடம் ‘சரி, அடுத்து’ என்று சொல்லும் இடங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் ஐந்து முதல் எட்டு நிமிடத் துண்டுகளாகத் தானே பிரியும். ஒவ்வொன்றும் முந்தைய துண்டின் கடைசிப் பத்து நொடியைச் சேர்த்தே தொடங்கட்டும். கோப்பின் பெயரிலேயே தொடக்க நேரம் இருக்கட்டும்:

```
ffmpeg -i class.wav -ss 00:41:20 -to 00:47:05 p_4120.wav
```

சந்தேகம் வந்தால் மூலப் பதிவில் எங்கே போய்க் கேட்பது என்று இந்தப் பெயரே சொல்லிவிடும்.

எழுத்தாக்க விஸ்பர் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மொழியைச் சொல்லாவிட்டால் முதல் 30 நொடியைக் கேட்டு அதுவே முடிவு செய்யும். வகுப்பின் முதல் 30 நொடியில் ‘குட் மார்னிங், சிட் டவுன்’ தவிர வேறென்ன இருக்கும்? ஆங்கிலம் என்று முடிவு செய்துவிட்டு, மேடம் தமிழில் விளக்கிய அத்தனையையும் ஏதோ ஓர் ஆங்கிலமாக எழுதித் தள்ளும். முந்தைய பகுதியில் எழுதியதைப் பார்த்து அடுத்ததை எழுதும் பழக்கமும் அதற்கு உண்டு. பேச்சில்லாத இடத்தில் சிக்கினால் ஒரே வரியைப் பக்கம் பக்கமாகத் திரும்ப எழுதும், யாருமே சொல்லாததையும் எழுதும். மொழிக் குழப்பத்தைத் தடுக்கவும் இந்தப் பழக்கத்தைக் குறைக்கவும் இப்படிக் கொடுங்கள்:

```
whisper p_4120.wav --model medium --language ta --condition_on_previous_text False
```

இதன்பிறகும் ‘கண்டிஷன்’, ‘கன்சன்ட்ரேஷன்’ எல்லாம் தாறுமாறாக வரத்தான் செய்யும். பரவாயில்லை, அவற்றைப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஒழுங்காகத் தெரிகிற தப்பு வரிதான் ஆபத்து. அதனால் ஒவ்வொரு துண்டையும் எழுத்தைப் பார்த்தபடி முழுதாகக் கேளுங்கள். எல்லாச் சொல்லிலும் நிற்க வேண்டாம். எண், அலகு, ஹைப்பர்/ஹைப்போ, இல்லை/கூடாது, இந்த நான்கில் கட்டாயம் நில்லுங்கள். அப்போதும் தெளியாவிட்டால் சுத்தம் செய்யாத மூலத்தில் அதே இடத்தைக் கேளுங்கள். பல நேரம் இரைச்சலோடு கேட்கும்போதுதான் நம் காதுக்குச் சொல் பிடிபடும்.

அந்த டி அலை வரியையே எடுங்கள். சொல் சரியாகக் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் மேடம் பொட்டாசியத்தின் இயல்பு அளவு 3.5 முதல் 5 என்று சொல்கிறார். பிறகு ‘இந்த பேஷன்ட்டுக்கு 6.8, கிட்னி ஃபெயிலியர்’ என்கிறார். 6.8 உள்ள நோயாளிக்கு ஹைப்போ எப்படி வரும்? துண்டை முழுசாகப் படித்திருந்தாலே பிடித்திருக்கலாம். அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் எதற்கு அதற்கு நோட்ஸ் என்று பெயர் வைக்கிறார்கள்? பிடிபடாத இடத்தில் ‘41:52 கேட்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாமே! படிப்பவர் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வார். ஊகித்து நிரப்பிய வரியை யாரும் சரிபார்க்க மாட்டார்கள், அப்படியே மனப்பாடம் செய்வார்கள்.

சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை இந்த வழிகள் எதுவும் எடுத்துவிடாது. எதிரொலியும் மேடத்தின் குரல்தானே, மென்பொருள் எதை வைத்துப் பிரிக்கும்? அதற்கு நல்ல வழி போன் அருகில் இருப்பது. அடுத்த வகுப்பைப் பதிவு செய்யப்போகிறவர் மேடத்திடம் கேட்டுக்கொண்டு முதல் பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல், மடித்த கைக்குட்டை மேல் போனை வையுங்கள். ஏரோபிளேன் மோடும் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோக வேண்டாம்.