ஆகஸ்டில் பிறந்த பையன்

இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகளில் வயதுப்பிரிவு செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணியில்தான் ஆட வேண்டும். 9 வயதில் பதினொரு மாத இடைவெளி சின்ன விஷயமா? அகாடமிப் பட்டியல்களில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்தவர்கள் குவிந்திருப்பதும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிறந்தவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படுவதும் பழைய கதை.

13 வயதில் கதை இன்னும் சிக்கலாகிறது. ஒரே அணியில் இரண்டு பையன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்து முடிக்கும்போது இருவரும் சுமார் 178 செ.மீ. இருப்பார்கள் என்பது கணிப்பு. வயது, இப்போதைய உயரம், எடை, பெற்றோரின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் முறைக்கு காமிஸ்-ரோச் என்று பெயர். சில சென்டிமீட்டர் முன்பின் ஆகலாம். முதல் பையன் இப்போது 168 செ.மீ., அதாவது 94 சதவீதம் வளர்ந்துவிட்டான். அடுத்தவன் 152 செ.மீ., 85 சதவீதம்தான். அவனுடைய வேக வளர்ச்சி இனிமேல்தான். தேர்வாளர் குறிப்பேட்டில் முதல்வனுக்கு 'பலசாலி, முந்துகிறான்' என்று விழும். அடுத்தவனுக்கு 'மோதலில் தோற்கிறான்' என்று விழும். எழுதியது பொய்யில்லை. ஆனால் அளந்தது ஆட்டத்தை அல்ல, எலும்பை.

இதற்காகத்தான் பிரீமியர் லீக் அகாடமிகள் பிறந்த தேதிக்குப் பதிலாக வளர்ச்சிச் சதவீதத்தைப் பார்த்து, 85 முதல் 90 வரை உள்ளவர்களை ஒன்றாக ஆடவிட்டுப் பார்த்தன. இத்தகைய ஆட்டத்தில் சிறியவன் பந்தோடு திரும்பத் துணிகிறான். பெரியவனைத் தன்னளவு உடம்புக்காரர்களோடு ஆடவிட்டால், தள்ளிக்கொண்டு ஓட முடியாமல் பந்தைச் சீக்கிரம் கொடுக்கப் பழகுகிறான். எப்போதும் இப்படியே ஆடச் சொல்ல முடியாது. உடல் வளர்ந்த அளவுக்கு மனமும் வளர்ந்திருக்கும் என்பதில்லை. இடையிடையே நடத்தினால் போதும்.

ஒரு பையனை அகாடமியிலிருந்து விடுவிக்கும் பேச்சில்தான் எனக்குக் கோபம். பின்னாளில் இங்கிலாந்து அணிக்கே ஆடிய ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் 16 வயதில், உயரம் போதாது என்று அனுப்பியதை ஆறுதலாகச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். திரும்பி வராத பையன்கள்தான் அதிகம்; இல்லாத கதவைக் காட்டுவது ஆறுதல் ஆகாது. அதைவிட, விடுவிக்கப்படும் பையனுடைய வளர்ச்சி வரைபடத்தை மேசையில் விரித்து, எதனால் விடுகிறோம், எதில் நன்றாக ஆடினான் என்பதை எழுத்தில் கொடுங்கள். வேறு கிளப்பிடம் காட்ட ஆட்டக் காணொளியும் கொடுங்கள். சில வாரம் கழித்து உளவியலாளர் ஒருவர் தானே அழைத்துப் பேசட்டும். கிறிஸ்டல் பேலஸ் கிளப், விடுவிக்கப்பட்ட இளைஞர்களுக்கு 2022-இல் மூன்று ஆண்டு உதவித் திட்டம் அறிவித்தது; அது 18 வயதைத் தாண்டியவர்களுக்கு. 14 வயதுக்காரனுக்கு?

என் நண்பரின் மகனை விடுவித்த அன்று பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. பையன் அழவில்லை. இரவு ஏழு மணிக்கு அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை நீக்கினார்கள். அப்போதுதான் அழுதான். ஆறு ஆண்டுகளாக அவனுக்கிருந்த நண்பர்கள் எல்லாரும் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள்.