மூன்றாவது ‘மேல்’

மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, B, A.

இந்தப் பத்து பட்டன்களை விரல் மறக்காதவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். ‘கொனாமி கோடு’ என்று பெயர். பழைய வீடியோ விளையாட்டுகளில் இதே வரிசையில் அழுத்தினால் ஆயுதங்களோ கூடுதல் உயிர்களோ கிடைக்கும். இது ரசிகர்களுக்காக ஒளித்து வைத்த பரிசு என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலை முடிய வேண்டுமே என்று ஒரு புரோகிராமர் தனக்காகச் செய்துகொண்ட கருவி இது. பரிசு என்று சொல்லிவிட்டால் அதற்குள் இருக்கும் வேலைப்பாடு கண்ணில் படாமலே போய்விடுகிறது. எனக்கு அந்த வேலைப்பாடுதான் முக்கியம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கசுஹிசா ஹஷிமோட்டோ, கொனாமி என்ற விளையாட்டு நிறுவனத்தில் புரோகிராமர். 1985இல் ஆர்கேடில் வந்த கிரேடியஸ் விளையாட்டை நின்டென்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கு மாற்றும் வேலை அவரிடம் வந்தது. அது 1986இல் வெளியானது. கிரேடியஸ் ஆடியவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். கப்பல் ஒரு முறை அடிபட்டால் போதும், அதுவரை சேர்த்த ஏவுகணை, கூடவே பறக்கும் ஆப்ஷன், முன்னால் நிற்கும் கேடயம் எல்லாம் போய்விடும். வெறும் கப்பலோடு கொஞ்சம் பின்னால் போய் நின்று மறுபடி தொடங்க வேண்டும். ஆடுபவருக்கே இது கஷ்டம் என்றால், ஐந்தாவது கட்டத்தில் எதிரி சரியான இடத்தில் வருகிறானா என்று பார்க்க வேண்டியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முதல் கட்டத்திலிருந்து உயிரோடு அங்கே போய்ச் சேர வேண்டும். தன்னால் அந்த விளையாட்டை முடிக்க முடியவில்லை என்று ஹஷிமோட்டோவே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். தானே பயன்படுத்தப் போவதால் சுலபமாக நினைவிருக்கும்படி அந்த வரிசையை அமைத்ததாகவும் சொன்னார்.

சரி, ஏன் பட்டன் வரிசை? உருவாக்கும்போது பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் விசைப்பலகை உண்டு, எந்த விசைக்கும் எந்த வேலையையும் கொடுக்கலாம். ஆனால் கடைசிச் சோதனை நிஜமான கன்சோலில், நிஜமான கன்ட்ரோலரில் நடக்க வேண்டும். அந்தக் கன்ட்ரோலரில் இருப்பதே எட்டு பட்டன்தான். நான்கு திசை, A, B, செலக்ட், ஸ்டார்ட். எட்டுக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. புதிதாகச் சேர்க்க இடமில்லாதபோது மிஞ்சுவது வரிசை ஒன்றுதான். எட்டு பட்டன்களில் பத்து முறை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் நூற்றேழு கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள் வரலாம். தற்செயலாக இது மட்டும் வந்து விழாது.

அப்புறம், எங்கே அழுத்துவது என்பதும் முக்கியம். கிரேடியஸில் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். அப்போது கப்பல் எந்தத் திசைப் பட்டனுக்கும் அசையாது, பட்டன்கள் எல்லாம் சும்மா கிடக்கின்றன. 1988இல் வந்த கொனாமியின் இன்னொரு விளையாட்டான கான்ட்ராவில் தலைப்புத் திரையில் அழுத்த வேண்டும், மூன்று உயிருக்குப் பதில் முப்பது கிடைக்கும். கடைசியில் ‘செலக்ட், ஸ்டார்ட்’ சேர்த்துச் சொல்கிறார்களே, அவை கோடில் சேராது. இரண்டு பேர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க செலக்ட், தொடங்க ஸ்டார்ட், அவ்வளவுதான். கூட ஒருவரை வைத்துக்கொண்டு ஆடியவர்களின் வாய்வழியாக அவையும் வரிசையோடு ஒட்டிக்கொண்டன.

இனி கன்சோல் இதை எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம். திரை நொடிக்கு அறுபது முறை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும், விளையாட்டு ஒரு தடவை கன்ட்ரோலரைப் படிக்கிறது. எட்டு பட்டன், எட்டு பிட், மொத்தம் ஒரே ஒரு பைட். ஆனால் விரல் ஒரு பட்டனை ஐந்தாறு ஃபிரேமுக்காவது அழுத்திக்கொண்டே இருக்கும். அப்படியே எண்ணினால் ஒரு ‘மேல்’ ஆறு ‘மேல்’ ஆகிவிடும். அதனால் முந்தைய ஃபிரேமின் பைட்டோடு ஒப்பிட்டு, புதிதாக அழுத்தியதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அதை ஓர் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். சிறிதாக எழுதினால் இப்படி வரும்:

```
  lda pad
  eor old
  and pad
  beq done
  ldx idx
  cmp code,x
  beq hit
  lda #0
  sta idx
done:
  lda pad
  sta old
  rts
code:
  .byte $08,$08,$04,$04,$02
  .byte $01,$02,$01,$40,$80
```

முதல் மூன்று வரிகள் புதிய அழுத்தத்தைப் பிரிக்கின்றன. `idx` என்பது எத்தனை பட்டன் சரியாக வந்திருக்கிறது என்ற கணக்கு. அட்டவணையில் `$08` மேல், `$04` கீழ், `$02` இடது, `$01` வலது, `$40` B, `$80` A. பொருந்தினால் `hit` என்ற இடத்துக்குப் போய்க் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும், பத்தானால் பரிசு. பொருந்தாவிட்டால் பூஜ்ஜியம். நினைவகத்தில் இந்தக் கணக்குக்கு ஒரே ஒரு பைட் போதும். ஃபேமிகாமுக்குள் இருந்த நினைவகமே 2 கிலோபைட்தான் என்பதால் இந்தச் சிக்கனம் அவசியம்.

பழைய கன்சோலுக்கு நானே ஒரு சின்ன விளையாட்டு எழுதிப் பார்த்தபோது, இதே போலத்தான் எழுதினேன். எனக்கு ஒழுங்காக வேலை செய்தது. தம்பியிடம் கொடுத்தேன். “அண்ணா, சரியாத்தான் அழுத்துறேன், ஒண்ணும் வரலையே” என்றான். அவன் விரலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்பத்தில் ‘மேல்’ மூன்று முறை விழுந்தது. கன்ட்ரோலரின் ரப்பர் தேய்ந்திருந்தது. அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபிரேம் தொடர்பு விட்டுப்போய், ஒரு அழுத்தம் இரண்டாகப் பதிந்தது.

மூன்று ‘மேல்’ வந்தால் என்ன ஆகிறது? முதல் இரண்டும் பொருந்தி கணக்கு 2 ஆகிறது. இப்போது எதிர்பார்ப்பது ‘கீழ்’. மூன்றாவது ‘மேல்’ வந்ததும் கணக்கு பூஜ்ஜியம். அடுத்து வரும் ‘கீழ்’ முதல் இடத்துக்குப் பொருந்தாது. மீதி எல்லாம் காற்றில் போகிறது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் கடைசியாக விழுந்த பத்து பட்டன்களும் சரியான வரிசைதான். தவறு என் புரோகிராமில், அவன் விரலில் இல்லை.

இதைவிட மோசமான ஒன்றும் இதற்குள்ளேயே இருந்தது. ஒன்பது பட்டனும் சரியாக அழுத்திவிட்டு, A-க்கு முன் குழம்பி நிறுத்திவிட்டான் என்று வையுங்கள். கணக்கு 9. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். முதல் ‘மேல்’ பொருந்தாததால் கணக்கைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு அதுவும் வீணாகிறது. இரண்டாவது ‘மேல்’ முதலாவதாகக் கணக்கில் ஏறுகிறது. உடனே ‘கீழ்’ வர, மறுபடி பூஜ்ஜியம். ஆக, இரண்டாவது முயற்சி துளி பிசகாமல் அழுத்தினாலும் தோற்கும், மூன்றாவதுதான் வெல்லும். பழைய விளையாட்டு ஏதாவதில் ‘ஒரு தடவை தப்பினா அடுத்த தடவையும் வராது’ என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், இப்படி ஒரு காரணமும் இருக்கலாம். புதிதாகத் தொடங்கும் முன் வேண்டுமென்றே மூன்று முறை ‘கீழ்’ அழுத்திப் பாருங்கள். கணக்கு பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும், அடுத்து வரும் ‘மேல்’ வீணாகாது.

திருத்தம் சின்னதுதான். பொருந்தாமல் போனது ‘மேல்’ என்றால் பூஜ்ஜியத்துக்குப் போகக் கூடாது. கணக்கு 2-இல் இருந்தால் 2-இலேயே நிற்க வேண்டும், மற்ற இடங்களில் இருந்தால் 1-க்கு வர வேண்டும். இந்த வரிசையில் ‘மேல்’ ஆரம்பத்தில் மட்டும்தான் வருகிறது என்பதால் இவ்வளவு போதும். மாற்றி எழுதிக் கொடுத்ததும் அதே தேய்ந்த கன்ட்ரோலரில் முதல் தடவையே வந்துவிட்டது.

நினைவகம் தாராளமாகக் கிடைத்த பிறகு வேறு வழி வந்தது. கடைசியாக அழுத்திய பட்டன்களை ஒரு சரமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அந்தச் சரத்தைப் பார்ப்பது. 2001இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ III அப்படித்தான் செய்தது. அதில் ஆயுதம், உயிர், கவசம் மூன்றுக்கும் தனித்தனி கோடுகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு பட்டன். R2, R2, L1 என்று மூன்றும் ஒன்றாகவே தொடங்கும், இடது, கீழ், வலது, மேல் என்று இரண்டு சுற்றோடு ஒன்றாகவே முடியும். நான்காவது பட்டன் மட்டும் வேறு. ஆயுதத்துக்கு R2, உயிருக்கு R1, கவசத்துக்கு L2. முன்னால் என்ன தவறாக அழுத்தியிருந்தாலும் அது சரத்திலிருந்து தானாகத் தள்ளப்பட்டுவிடும், மூன்றாவது ‘மேல்’ பிரச்சினையே எழாது. பட்டன் தேயும், விரல் தடுமாறும் என்று தெரிந்தவர்கள் எழுதியது போலவே இருக்கிறது. எனக்குப் பிடித்த முறை இதுதான்.

வேலை முடிந்ததும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். ஹஷிமோட்டோ எடுக்க மறந்திருந்தார். உற்பத்திக்குத் தயாராகும் நேரத்தில்தான் அது இன்னும் உள்ளே இருப்பது தெரிந்தது. எடுத்தால் புதிதாக ஏதாவது கெட்டுவிடுமோ என்று அஞ்சி விட்டுவிட்டார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு நான் சண்டையே போடுவேன். புரோகிராமிலிருந்து இருபது பைட்டை உருவினால் அதற்குப் பின்னால் இருக்கும் அனைத்தின் முகவரியும் நகரும். முகவரி நகர்ந்தால் சில கட்டளைகள் எடுத்துக்கொள்ளும் நேரமே மாறும். அதுவரை செய்த சோதனை எல்லாம் வேறொரு புரோகிராமுக்குச் செய்தது என்றாகிவிடும். கார்ட்ரிட்ஜின் ரோம் சிப்பில் ஒரு முறை பதிந்துவிட்டால் பிறகு திருத்தவும் வழியில்லை. சோதித்துப் பார்த்ததை அப்படியே அனுப்பியது சரியான முடிவு.

அதே கொனாமி, கிரேடியஸ் III-ஐ சூப்பர் நின்டென்டோவுக்குக் கொண்டுவந்தபோது எல்லோருக்கும் இந்த வரிசை தெரிந்திருந்தது. அங்கே நிறுத்தி வைத்துவிட்டுப் பழைய வரிசையையே அழுத்தினால் கப்பலுக்கு ஆயுதங்கள் வரும், வந்த கையோடு கப்பல் வெடித்துப் போகும். அந்தக் கன்ட்ரோலரின் மேல்விளிம்பில் L, R என்று இரண்டு புதிய பட்டன்கள் இருந்தன. இடது, வலதுக்குப் பதில் அவற்றை அழுத்தினால்தான் ஆயுதங்களும் வரும், கப்பலும் பிழைக்கும். பத்தில் நான்கு பட்டன் மட்டுமே வேறு.