எட்டு ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியவை

எட்டு ஆசிரியர்களை நேர்காணும் என் கலாநிதிப் பட்ட ஆய்வு முன்மொழிவை மதிப்பீட்டு அமர்வில் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியதை உங்களில் பலர் அறிவீர்கள். "ஆசிரியர் அடையாளம் ஒரு பிரச்சினையா? முந்நூறு பேருக்கு வினாக்கொத்துக் கொடுத்து முடியுங்கள்" என்று அங்கே சொன்ன பேச்சு இன்னும் மனதை அறுக்கிறது. அது பிரச்சினைதான்.

2014, 2015 காலப்பகுதியில் இலங்கையின் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா. பயிற்சி முடித்த பிறகே ஆசிரியர் சேவைக்குள் எடுக்கப்பட்டோம். ஆம், நானும் அவர்களில் ஒருத்தி. முழு நேரசூசியும் எனக்கு இருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு நேரே பாடசாலைக்கு வரும் தாய்மார் என்னை "டீச்சர்" என்றுதான் அழைத்தார்கள். ஆனால் வரவுப் பதிவேட்டில் என் பெயர், ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுப் பிரித்த பகுதியில் இருந்தது.

நிறுவனம் வழங்கும் அடையாளம் வேறு, சுற்றியுள்ளவர்கள் பேச்சாலும் பழக்கத்தாலும் ஏற்றுக்கொள்ளும் அடையாளம் வேறு என்று கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் ஜீ 2000ஆம் ஆண்டில் எழுதினார். இவ்விரண்டும் ஆண்டுக்கணக்கில் முரண்பட்டு நின்ற ஒருவர், நிரந்தர நியமனத்துக்குப் பிறகு தன்னை எவ்வாறு ஆசிரியராகக் காண்கிறார் என்பதே என் ஆய்வு வினா. அவர் தோட்டப் பாடசாலையிலேயே நிலைப்பதும் இடமாற்றம் கேட்பதும் இதனோடு தொடர்புடையவையா என்று தெரியாமல், அதே முறையில் மீண்டும் ஆட்சேர்ப்பது நியாயமல்ல.

வினாக்கொத்தில் "நான் ஆசிரியராக உணர்கிறேன்" என்ற கூற்று இருந்தால் நானும் "மிகவும் உடன்படுகிறேன்" என்றே அடையாளமிடுவேன். அந்தச் சிவப்புக் கோடு அதில் எங்கே தெரியும்?

எட்டுப் பேரை வைத்துப் பொதுமைப்படுத்த முடியாது என்றார்கள். உண்மை, நான் எங்கும் அப்படி எழுதவில்லை. ஒரு முரண்பாடு எவ்வாறு இயங்குகிறது என்று காட்டவே எட்டுப் பேர்.

காலம் போதாது என்றவர்கள் கணக்கைப் பார்த்தார்களா? ஹட்டன் வலயத்தில் எட்டுப் பேர், தவணைக்கு ஒன்றாக ஆளுக்கு மூன்று நேர்காணல்கள், மொத்தம் 24. ஒரு மணிநேரப் பதிவை எழுத்தாக்க ஏறக்குறைய ஆறு மணிநேரம் என்று வைத்தால் 144 மணிநேரம். வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்துக்கு ஐந்து மணிநேரம் ஒதுக்கினால் ஏழு மாதம். முதல் ஆண்டு வாசிப்புக்கும் ஒழுக்கநெறி அனுமதிக்கும் மாகாணக் கல்வித் திணைக்கள அனுமதிக்கும். இரண்டாம் ஆண்டு நேர்காணலுக்கு. மூன்றாம் ஆண்டு எழுத்தாக்கத்துக்கும் பகுப்பாய்வுக்கும். நான்காம் ஆண்டு எழுதுவதற்கு. பகுப்பாய்வு தமிழிலேயே நடக்கும். மேற்கோளாக வரும் பகுதிகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். அனுமதிக் கடிதம் பிந்தினால் முதல் நேர்காணல் ஒரு தவணை தள்ளிப்போகும், அதற்கும் இடம் வைத்திருக்கிறேன்.

"உங்கள் கதையையே ஆராயப் போகிறீர்கள்" என்றது மட்டும்தான் உண்மையாக வலித்தது. என் பாடசாலையையும் என்னோடு பயிற்சி பெற்றவர்களையும் தவிர்க்கிறேன். ஒவ்வொரு நேர்காணலுக்குப் பிறகும் என் எதிர்பார்ப்பு எங்கே குறுக்கிட்டது என்று குறிப்பேட்டில் எழுதி, அதை மேற்பார்வையாளரிடம் கொடுப்பேன். தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதியவர்களிடம் இப்படியொரு குறிப்பேட்டை யாராவது கேட்டார்களா? லயத்தில் பிறந்தவள் லயத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் இந்தச் சந்தேகம்?

திருத்திய முன்மொழிவை அடுத்த அமர்வுக்கு அனுப்புகிறேன். அதிலும் எட்டுப் பேர்தான்.