31 கம்ப்ளைண்டும் என் ஞாயித்துக்கிழமையும்

ஞாயித்துக்கிழமை காலைல ஏழே முக்காலுக்கு போன் அடிச்சா ஒண்ணு யாராச்சும் போயிருக்கணும், இல்ல கஸ்டமருக்கு பில்லு போயிருக்கணும். பில்லுதான் போயிருந்துச்சு.

"தம்பி, 31 எச்சா போட்டிருக்கறீங்க."

வணக்கம் இல்ல, சாப்டீங்களா இல்ல. நேரா 31.

மோட்டார் பம்ப் சர்வீஸ் டீலருங்க அவரு. ஆபீஸ்ல 3 பேரு, வெளிய சுத்தற மெக்கானிக் 11 பேரு. எந்த ஊர்ல எந்த மோட்டார் நின்னுச்சு, யாரு போனாங்க, என்ன மாத்துனாங்கன்னு பதிஞ்சு வைக்க நம்ம சாஃப்ட்வேர். போன வருசம் வரைக்கும் ஆளுக்கு மாசம் 350 ரூபான்னு வித்துட்டு இருந்தேன். 14 பேருக்கு 4,900 வரணுமில்லையா? வந்தது 700. ரெண்டே சீட்டு, அதாவது ரெண்டே லாகின்தான் வாங்குனாரு, office1, office2. பாஸ்வேர்டை ஸ்கெட்ச் பேனால எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டி வச்சிருந்தாங்க. நான் போனப்ப நானே படிச்சேன். சாமி படத்துக்குக் கீழ, குங்குமம் பட்டு.

சரி, ஒரு லாகின்ல ஒரு நேரத்துக்கு ஒரு ஆளுன்னு பூட்டு போட்டேன். இவன் உள்ள வந்தா அவன் வெளிய போயிருவான். பொள்ளாச்சில இருக்கற மெக்கானிக் பீளமேட்டுல இருக்கறவனுக்கு போன் போட்டு "டேய், ரெண்டு நிமிசம் வெளிய இருடா"ன்னு கேட்டுட்டு இருந்தான். அப்பவும் மூணாவது சீட்டு வாங்கல பாருங்க! இதுல ஒரு நாள், செய்யாத வேலைய செஞ்சதா யாரு மூடுனாங்கன்னு பஞ்சாயத்து. யாரு எப்ப என்ன பண்ணாங்கன்னு சாஃப்ட்வேர் பதிஞ்சு வைக்கற லாக்ல பாத்துச் சொல்லுங்கன்னாரு. பாத்தேன், office1. யாருங்ணா அந்த office1? "அதைத்தானே தம்பி நான் உங்ககிட்ட கேக்கறேன்."

தலைக்கு இவ்வளவுன்னு வச்சா ஜனங்க தலைய மறைப்பாங்க. எனக்கு அது புரிய ரெண்டு வருசம். அவருக்கு லாபம் வர்றது மெக்கானிக்கோட தலையில இல்ல, நின்னுபோன மோட்டார்ல. அதனால இந்த வருசம் மாத்துனேன். எத்தன பேரு வேணாலும் வாங்க, ஒரு கம்ப்ளைண்டுக்கு 3 ரூபா. மழை மாசத்துல 400 வரும், 1,200 ரூபாயோட முடிஞ்சிரும். மே மாசம் ஊர்ல இருக்கற போர் மோட்டார் பூரா புகையும், அவருக்கும் வருமானம் எனக்கும் வருமானம். எவ்வளவு நியாயமான கணக்கு! எனக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்.

ஒண்ணை மட்டும் மறந்துட்டேன். ஆட்டோ டெபிட்ல காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி, எவ்வளவு எடுக்கப்போறோம்னு சொல்லியாகணும். ரிசர்வ் வங்கி விதி. மாசாமாசம் அதே 700 போனப்ப அந்த மெசேஜை ஒருத்தரும் படிச்சதில்ல. இப்ப ஒவ்வொரு மாசமும் புது நம்பர். ஒவ்வொரு மாசமும் படிக்கறாரு. ஒவ்வொரு மாசமும் நான் அவருக்கு முதல்லருந்து விக்கறேன்.

மே மாச பில்லு 1,316 கம்ப்ளைண்ட், 3,948 ரூபா, மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அவரு கணக்குல 1,285. எங்க இருக்குங்ணா அந்தக் கணக்கு? நோட்டுல. ஆமாங்க, சாஃப்ட்வேர் வாங்கிட்டு நோட்டும் போடறாங்க. நீள சைஸ் நோட்டு. "படிக்கறேன், நீங்க டிக் அடிச்சுட்டே வாங்க."

படிச்சாரு. மே ஒண்ணாந் தேதி, கிணத்துக்கடவு, மோட்டார் சுத்தல. டிக். மே ஒண்ணு, சூலூர், சத்தம் வருது. டிக். மே ரெண்டு, அன்னூர், "இது என்ன எழுத்துன்னு தெரியல, இருங்க கண்ணாடி எடுத்துக்கறேன்." கண்ணாடி வந்துச்சு. அன்னூர்தான். இட்லி ஆறுச்சு. வீட்டுல வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம தட்டை எடுத்துட்டுப் போனாங்க. மே பத்தொம்பதுல அவரு பேரன் நோட்டுல யானை வரைஞ்சிருந்தான். அந்தப் பக்கத்துக்கு ஒரு இருபது நிமிசம்.

பதினொண்ணேகாலுக்கு 31-உம் மாட்டுச்சு. 12, ஒரே வீட்டுக்காரரு ரெண்டு தடவ கூப்பிட்டு ரெண்டு பேரு பதிஞ்சது. 9, மெக்கானிக் கிளம்பறதுக்குள்ள கரண்ட் வந்து மோட்டாரும் ஓடி, வேண்டாம்னு சொன்னது. 4, சரி பண்ணி ஏழு நாள் கழிச்சு மறுபடி நின்னது. அது புதுசா பழசா? என் கணக்குல புதுசு. அவரு கணக்குல "அதே மோட்டார்தானே தம்பி". ஒரு கம்ப்ளைண்டுன்னா என்னன்னு ஒரு வரி எழுதி விலைப் பக்கத்துல போட்டிருந்தா இந்த 25-உம் தகராறே இல்ல. 3 ரூபாங்கறதை பெருசா போட்டேன், எதுக்கு 3 ரூபான்னு போடல.

மீதி 6? அது என் தப்புங்க. நெட்டு மெதுவா இருந்தப்ப அவங்க சேவ் பட்டனை ரெண்டு தடவ அமுக்கியிருக்காங்க, நம்ம ஆளு ரெண்டு வாங்கி வச்சுக்கிட்டான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி எண் சேத்து அனுப்பி, அதே எண் திரும்ப வந்தா தள்ளிவிடுன்னு எழுதியிருக்கணும். சீட்டு காலத்துல ரெண்டா விழுந்தா அது வெறும் குப்பை. இப்ப ஒவ்வொரு குப்பையும் 3 ரூபா.

31-ஐ 3-ஆல பெருக்குனா 93. ஜிஎஸ்டியோட 109 ரூபா 74 பைசா. மூணரை மணி நேரம்! மொத்தத்தையும் விட்டுக் குடுத்தேன். அதுக்கு கிரெடிட் நோட் போடணும். 109 ரூபா கிரெடிட் நோட்டைப் பாத்துட்டு ஆடிட்டர் கேக்கப்போறதை நினைச்சா இப்பவே காது கூசுது.

போனை வைக்கறதுக்கு முன்னாடி புத்தியா ஒண்ணு சொல்றேன்னு நினைச்சு சொன்னேன். "அண்ணா, மாசம் 2,400 ஒரே தொகை. 1,000 வரைக்கும் கணக்கே வேண்டாம். மேல போனா ஒண்ணுக்கு 2 ரூபா." மே மாசத்துக்கு அது 3,032-தான், அவருக்குத்தான் லாபம். நோட்டுல கணக்குப் போடற சத்தம் கேட்டுச்சு.

"மழைல 400 தானுங்களே வரும்?"

"ஆமாங்ணா."

"அப்ப மிச்சம் 600 அடுத்த மாசத்துக்கு வருமா?"

நான் பதில் சொல்லல. சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சாரு. எதுக்கு சிரிச்சாருன்னுதான் இப்ப பயமா இருக்கு.

இதோட சாயங்காலம் அபார்ட்மெண்ட் மீட்டிங் வேற. தண்ணி லாரி காசை வீட்டுக்கு இவ்வளவுன்னு சமமா பிரிக்கறோம். எதிர் வீட்டுல தனியா இருக்கற சார், ஆளாளுக்கு மீட்டர் வச்சு ஓடுன தண்ணிக்கு காசு வாங்குங்கன்னு மூணு மாசமா நச்சரிக்கறாரு. நியாயமா பேசற மாதிரிதான் பேசுவாரு. எங்க வீட்டுல ஆறு பேரு, ரெண்டு வாஷிங் மெஷினு. மீட்டராம் மீட்டரு! எவன் வந்து கேட்டாலும் நான் கை தூக்க மாட்டேன்.