நார் உரிக்காத தம்பியும் மூடி போடாத அக்காவும்

தம்பி: அக்கா, அவரைக்காய் அரைக் கிலோவில் பாதியை நறுக்கி முடித்துவிட்டேன். கத்தி என்ன வேகத்தில் ஓடியது தெரியுமா?

அக்கா: ஓடும். நீதான் நாரே எடுக்கவில்லையே.

தம்பி: நாரா? அது வேகும்போது தானாகக் கரைந்துவிடாதா?

அக்கா: குக்கரில் வைத்து ஐந்து விசில் விட்டுப் பார். காய் கரைந்து கூழாகும், நார் மட்டும் அப்படியே நீளமாக நிற்கும். அப்புறம் சாப்பிடுகிற எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு விரலால் பல்லிடுக்கைத் தேட வேண்டியதுதான்.

தம்பி: சரி, மீதிக் காய்க்கு எடுத்துவிடுகிறேன். நுனியைக் கத்தியால் சீவினால் ஆச்சு, இல்லையா?

அக்கா: அங்கேதான் தப்பு. கத்தியால் சீவினால் நாரும் அந்த இடத்திலேயே அறுந்துவிடும், பிடித்து இழுக்க முனை கிடைக்காது. கத்தியைக் கீழே வை. காம்புப் பக்கத்தை விரலால் ஒடி, ஆனால் முழுசாகப் பிய்த்து எடுத்துவிடாதே, தொங்கட்டும். இப்போது அதைப் பிடித்து விளிம்போடு ஒட்டினாற்போல் கீழே இழு.

தம்பி: அட, சட்டைத் தையல் பிரிகிற மாதிரி வருகிறதே!

அக்கா: ஒரு பக்கம் முடிந்தது. இப்போது வால் பக்கத்தை எதிர்த் திசையில் ஒடித்து, இன்னொரு விளிம்பில் மேலே இழு. நடுவில் அறுந்தால் மறுமுனையிலிருந்து இழு. முனை சிக்கவில்லை என்றால் நகத்தால் கிளப்பிக்கொள்.

தம்பி: இந்தக் காயில் எவ்வளவு ஒடித்தாலும் நாரே வரவில்லை. எனக்குத் திறமை போதவில்லையா?

அக்கா: அது பிஞ்சு, அதில் நார் இன்னும் முற்றவில்லை. விட்டுவிடு. இதோ இதைப் பார், ஒடித்தால் 'டக்' என்று முறியாமல் தோல் மாதிரி மடங்குகிறது, உள்ளே விதையும் புடைத்திருக்கிறது. இது முற்றல். விதையை மட்டும் எடுத்துக்கொண்டு தோலைத் தூக்கிப் போடு. இதையும் பிஞ்சையும் ஒன்றாக வேகவைத்தால் பிஞ்சு குழையும்போது இது வெறப்பாகவே இருக்கும். அப்படியே ஒவ்வொன்றையும் பிளந்து பார், தோலில் சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே யாராவது குடியிருப்பார்கள்.

தம்பி: வாடகை வாங்கலாமா?

அக்கா: வெளியே அனுப்பு, போதும். நீ முதலில் நறுக்கினாயே, அந்தத் துண்டுகளிலும் ரெண்டு ஓரத்திலும் நார் இருக்கிறது. ஒவ்வொன்றாக நகத்தால் எடு.

தம்பி: அக்கா! முந்நூறு துண்டு இருக்கும்!

அக்கா: வேகமாக ஓடிய கத்தியைக் கேள்.

(அரை மணி நேரம் கழித்து, அடுப்பங்கரையில்.)

தம்பி: தண்ணீர் கொதிக்கிறது. காயைப் போட்டு மூடி வைக்கிறேன், கேஸ் மிச்சம்.

அக்கா: மூடியை எடு! காய் வேகும்போது அதிலிருந்தே கொஞ்சம் புளிப்பு ஆவியோடு வெளியேறும். மூடினால் அது திரும்பச் சொட்டி, பச்சை நிறத்தைப் பாசி நிறமாக்கிவிடும். அகலமான பாத்திரத்தில் நிறைய தண்ணீர், உப்பு, தளதளவென்று கொதி. காயை ரெண்டு தவணையாகப் போடு, மொத்தமாகக் கொட்டினால் கொதி அடங்கி, வேக நேரமாகி, அதிலேயே நிறம் போய்விடும்.

தம்பி: அப்படியே கொஞ்சம் புளித்தண்ணீரும் ஊற்றிவிடவா? தனியாக ஒரு வேலை குறையும்.

அக்கா: நிறமும் போகும், காயும் வேகாமல் நிற்கும். புளி, எலுமிச்சை எதுவானாலும் காய் வெந்த பிறகுதான்.

தம்பி: அப்போ ஆப்ப சோடா ஒரு சிட்டிகை? பச்சைப் பசேலென்று இருக்குமாமே.

அக்கா: இருக்கும், பச்சையாகவும் கொழகொழவென்றும். வாயில் சோப்பு மாதிரி ஒரு ருசியும் வரும். அதெல்லாம் வேண்டாம். பிஞ்சுக் காயை மெல்லிசாக நறுக்கியிருந்தால் நாலைந்து நிமிடம்தான். ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார், பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும்போதே இறக்கிவிடு.

தம்பி: இன்னும் கொஞ்சம் வேகணும். ம்ம்… இப்போது சரி. இல்லை, இது ஒரு துண்டு சரி, அந்தப் பக்கத்தது எப்படியென்று பார்க்கிறேன்…

அக்கா: வடிகட்டு! வடிகட்டியதும் குவித்து வைக்காதே, தட்டில் பரப்பு. குவியலாக இருந்தால் உள்சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். அப்புறம் கடுகு தாளித்து, காயைப் போட்டு ரெண்டு பிரட்டுப் பிரட்டி, தேங்காய்த் துருவலைத் தூவினால் முடிந்தது.

தம்பி: பரப்பியாச்சு.

அக்கா: தட்டில் இவ்வளவுதானா? வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டு போதும்டா, நீ பாதித் தட்டைப் பார்த்திருக்கிறாய்.

தம்பி: நான் நார் எடுத்த துண்டுகளாகப் பார்த்துத்தான் எடுத்தேன் அக்கா.