மரியாதை ‘ங்க’வில் இருக்கிறது

“மேடைன்னா செந்தமிழ்தான். பேச்சுத் தமிழ்ல எழுதிக் குடுத்தா மரியாதை போயிடும்.”

பிறருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுக்கும்போது எந்தத் தமிழில் எழுதுவது என்ற கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில் இது. பாதிதான் சரி. வரவேற்புரை, இரங்கலுரைக்கு எழுத்துத் தமிழ் பொருந்தும். ஆனால் கடலூர் முதுநகரில் மீனவர் கூட்டத்துக்கு “புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளதால் கடலுக்குச் செல்வதைத் தவிர்க்கவும்” என்று எழுதினால் நோட்டீஸ் வாசிப்பது போலிருக்கும். “கூண்டு ஏத்தியாச்சுங்க. யாரும் கடலுக்குப் போகாதீங்க” என்பதில் என்ன மரியாதை குறைந்தது?

“பெரியோர்களே, தாய்மார்களே” என்ற விளிப்பு அப்படியே இருக்கட்டும். விஷயத்துக்கு வந்ததும் வினைமுற்றை மாற்றுங்கள். முழுதும் பேச்சொலியில் எழுதினால் தாளைப் பார்த்து வாசிப்பவர் தடுமாறுவார், அதுவும் உண்மை. ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். “வேண்டும்” என்றிருப்பதை அவரே “வேணும்” என்கிற இடங்களை மட்டும் திருத்தினால் போதும். பள்ளி ஆண்டு விழாவுக்கு எது என்பதில் எனக்கே இன்னும் இழுபறிதான்.